சாலை விபத்து வழக்கில் குற்ற ஒப்புதல் பேரம்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் மாவட்டத்தின் ஊடாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. அந்தச் சாலையிலும் அதில் வந்து சேரும் கிராமச் சாலைகளிலும் நடக்கும் மரண விபத்துகள் வழக்காக மாறும்போது, ஓட்டுநரின் குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒத்துக்கொண்டால் தண்டனை குறையுமா?" குறையலாம். ஆனால் எந்த வழியில் ஒத்துக்கொள்கிறோம், எப்போது, எந்த ஆவணங்களோடு என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். நீதிமன்ற வாசலையே மிதித்திராத ஒருவர் புரிந்துகொள்ளும்படி அந்த ஒரு வழியை மட்டும் இங்கே முழுமையாகச் சொல்கிறேன்.

சட்டம் இதற்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, பதிலுக்குத் தண்டனைக் குறைப்புக்காக உடன்பாடு பேசும் இந்த முறையை வழக்கறிஞர்கள் பிளீ பார்கெய்னிங் என்பார்கள்; நாம் குற்ற ஒப்புதல் பேரம் என்று வைத்துக்கொள்வோம். 2006 ஜூலை 5 முதல் இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 289 முதல் 300 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்த வழக்கு என்றால் பழைய சட்டமே பொருந்தும். முதல்முறை குற்றவாளிக்குக் கிடைக்கும் கூடுதல் குறைப்பு அதில் கிடையாது.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். நடந்ததல்ல, விளக்குவதற்காக அமைத்துக்கொண்டது. அணைக்கட்டு பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 34 வயது ஓட்டுநர், விடியற்காலையில் காய்கறி ஏற்றிய மினி லாரியை வேலூருக்கு ஓட்டி வருகிறார். பொய்கை மாட்டுச் சந்தைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த 58 வயது விவசாயி மீது வண்டி மோதுகிறது. ஓட்டுநர் ஓடவில்லை. 108க்குத் தொலைபேசியில் சொல்லி, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை கூடவே போகிறார். இரண்டு நாள் கழித்து அந்த விவசாயி இறந்துவிடுகிறார். வேகமாக ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதாக முதலில் பதிவான வழக்கு, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தைச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)க்கு மாற்றப்படுகிறது. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் அவர் சிறைக்குப் போகவில்லை. சில மாதங்களில் குற்றப்பத்திரிகை நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்கு வருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது: இந்த வழி திறந்திருக்கிறதா?

குற்றப்பத்திரிகையின் நகலைக் கையில் எடுத்து, எந்தப் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட சிறை ஆகியவற்றுக்குரிய குற்றம் ஏதாவது இருந்தால் இந்த வழி மூடிவிடும். 106(1)இன் உச்சவரம்பு ஐந்து ஆண்டு என்பதால் தடை இல்லை. ஓட்டுநர் குடித்திருந்தார் என்று சொல்லி, மரணம் விளையும் என்று அறிந்தே செய்ததாக 105ஆம் பிரிவைக் காவல்துறை போட்டிருந்தால் நிலைமை வேறு. அது ஏழு ஆண்டைத் தாண்டும் குற்றம். பேரத்துக்கு இடமே இல்லை.

இரண்டாவது தடையைப் பலர் கவனிப்பதில்லை. பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிராக இழைக்கப்பட்ட குற்றங்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. நம் உதாரணத்தில் இறந்தவர் ஒரு பெண்ணாக இருந்திருந்தால், விபத்து வழக்காகவே இருந்தாலும் இந்தச் சொற்களை வைத்து மனு எதிர்க்கப்படும். மனுவுக்காகச் செலவு செய்வதற்கு முன் வழக்கறிஞரிடம் இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். நாட்டின் சமூக, பொருளாதார நிலையைப் பாதிப்பவை என்று மத்திய அரசு அறிவித்த சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களுக்கும் இடமில்லை. வரதட்சணைத் தடைச் சட்டமும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அந்த அறிவிப்பில் அடங்கும்.

மூன்றாவது, ஓட்டுநரின் பழைய கணக்கு. இதே குற்றத்துக்காக முன்பு தண்டிக்கப்பட்டிருந்தால் மனுவே செல்லாது. வேறு ஏதாவது குற்றத்துக்குத் தண்டனை இருந்தால் மனு செல்லும், ஆனால் முதல்முறை குற்றவாளி என்ற சலுகை போய்விடும். என்றோ ஒரு சிறு வழக்கில் நீதிமன்றத்தில் "குற்றம் ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லி அபராதம் கட்டியிருப்பார். அது தண்டனைதான் என்பதே அவருக்கு நினைவிருக்காது. பிரமாணப் பத்திரத்தில் "நான் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்த பிறகு அரசுத் தரப்பு அந்தப் பழைய தீர்ப்பை எடுத்து வைத்தால், மனுவோடு சேர்ந்து அவருடைய பேச்சின் மீதான நம்பிக்கையும் போய்விடும். சின்னது பெரியது பார்க்காமல் எல்லாவற்றையும் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முப்பது நாள்

குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போட வேண்டும் என்கிறது 290ஆம் பிரிவு. நம் ஓட்டுநருக்கு 2025 மார்ச் 3 அன்று குற்றச்சாட்டு வனையப்பட்டது என்றால், ஏப்ரல் 2க்குள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். குற்றச்சாட்டு வனையப்படும் நாளில் நடுவர் அதை வாசித்துக் காட்டி, "ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?" என்று கேட்பார். அந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் திரியும் இடைத்தரகர் யாராவது "ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்" என்று சொல்லியிருப்பார். ஓட்டுநரும் அங்கேயே "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுவார்.

இது குற்ற ஒப்புதல் பேரம் அல்ல. இப்படிச் சொன்னால் நடுவர் நேராகத் தண்டனைக்குப் போகலாம். தண்டனைக் குறைப்புக் கணக்கு எதுவும் பொருந்தாது. இதே குற்றத்துக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் "இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம்" என்று இருந்ததால், அபராதத்தோடு முடிந்த வழக்குகளும் உண்டு. இடைத்தரகர் சொல்வது அந்தக் காலத்துக் கதை. 106(1)இல் "அல்லது" கிடையாது. ஐந்து ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமும் என்பதே வாசகம்.

ஆகவே அன்றைக்கு மறுத்துவிட்டு, பிறகு மனு போடுவதே முறை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லையென்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தகுதி இருந்தால் இலவசமாக வழக்கறிஞரை நியமிப்பார்கள்.

மனுவும் மூடிய அறையும்

மனுவில் வழக்கின் சுருக்கம் இருக்க வேண்டும். அதோடு ஓட்டுநர் உறுதிமொழி அளித்த பிரமாணப் பத்திரம் ஒன்று. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் மனு போடுகிறேன், இந்தக் குற்றத்துக்குரிய தண்டனை என்ன என்று தெரிந்தே போடுகிறேன், இதே குற்றத்துக்கு முன்பு தண்டிக்கப்படவில்லை என்ற மூன்றும் அதில் வர வேண்டும்.

மனு வந்ததும் அரசு உதவி வழக்கறிஞருக்கும் ஓட்டுநருக்கும் நோட்டீஸ் போகும். குறித்த நாளில் நடுவர், எதிர்த்தரப்பு யாரும் இல்லாமல், மூடிய அறையில் ஓட்டுநரை விசாரிப்பார். லாரி உரிமையாளர் தன் பெயர் கெடாமல் இருக்க ஓட்டுநரைத் தள்ளிவிட்டிருக்கலாம். சில சமயம் வண்டியை ஓட்டியதே வேறு ஒருவராக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த அறை. அங்கே மனப்பாடம் செய்த வாக்கியங்களை ஒப்பிக்கத் தேவையில்லை. ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு என்று தெரியுமா, மேல்முறையீடு கிடையாது என்று தெரியுமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விருப்பமில்லாமல் போட்ட மனு என்று நடுவருக்குத் தோன்றினால், வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பேச்சு முறிந்தால் ஒப்புக்கொண்டது தமக்கு எதிராகத் திரும்புமோ என்ற பயம் பலருக்கு உண்டு. திரும்பாது. மனுவில் சொன்ன விவரங்களை இந்த அத்தியாயத்தைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 299ஆம் பிரிவு சொல்கிறது.

அறுபது நாள் பேச்சு

நடுவர் திருப்தி அடைந்தால், இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வர 60 நாளுக்கு மிகாமல் நேரம் கொடுப்பார். கூட்டத்துக்கு அரசு உதவி வழக்கறிஞர், புலன் விசாரணை அதிகாரி, ஓட்டுநர், பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு நீதிமன்றமே அழைப்பு அனுப்பும். இறந்தவரின் வாரிசும் பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லில் அடங்குவார் என்பதால், நம் வழக்கில் அந்த விவசாயியின் மனைவி வருவார்.

இங்கே மனிதத்தன்மையும் சட்டமும் ஒரே திசையில் நிற்கின்றன. கணவனை இழந்த அந்த அம்மாவிடம் ஊர்ப் பெரியவர்களை அனுப்பி, "கையெழுத்துப் போட்டுவிடு" என்று நெருக்கக் கூடாது. அது கொடுமை, சாட்சியை மிரட்டியதாகப் புகாரும் ஆகும். பேச வேண்டியது நீதிமன்றம் கூட்டும் கூட்டத்தில். அவர் மறுத்தால் உடன்பாடு இல்லை. அது அவருடைய உரிமை.

இழப்பீட்டைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் தரும் தொகை வேறு. இங்கே பேசப்படும் தொகை வேறு. இது ஓட்டுநரின் கையிலிருந்து வருவது. "இன்சூரன்ஸ் கொடுக்கும்தானே?" என்று அந்தக் குடும்பத்திடம் சொல்வது அவர்களைப் புண்படுத்தும், பேச்சையும் முறிக்கும். நம் ஓட்டுநர் ஒன்றரை லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொள்கிறார் என்று வைப்போம். 50 ஆயிரம் உடனே, மீதி ஒரு லட்சம் தீர்ப்புக்கு முன். ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ நீதிமன்றத்தில் செலுத்தியோ கொடுக்க வேண்டும். தொகையும் தேதிகளும் அறிக்கையில் எழுதப்பட்டு, கூட்டத்தில் இருந்த எல்லோரும் நடுவரும் கையெழுத்திட வேண்டும்.

தண்டனை விசாரணை

உடன்பாடு கையெழுத்தானதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் தண்டனை எவ்வளவு என்பதை நடுவர் அதன் பிறகுதான், இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்கிறார். 293ஆம் பிரிவு இரண்டு கதவுகளைத் திறக்கிறது.

ஒன்று கணக்கு. குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்படாத குற்றத்தில், விதிக்கக்கூடிய தண்டனையில் நான்கில் ஒரு பங்கு. முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் என்றால் ஆறில் ஒரு பங்கு. ஐந்து ஆண்டு என்பது 60 மாதம். நான்கில் ஒரு பங்கு 15 மாதம், ஆறில் ஒரு பங்கு 10 மாதம். வாசகம் "ஆறில் ஒரு பங்கு வரை" என்று இல்லை, "ஆறில் ஒரு பங்கு" என்றே இருக்கிறது. பத்து மாதத்துக்கும் கீழே இறங்கும் என்று எண்ணிக்கொண்டு இந்தக் கதவில் நுழையக் கூடாது. காவலில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். நம் ஓட்டுநர் ஒரு நாளும் காவலில் இல்லை என்பதால் கழிக்க ஒன்றுமில்லை.

மற்றொன்று நன்னடத்தைப் பிணை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி, சிறைக்கு அனுப்பாமல், மூன்று ஆண்டுக்கு மிகாத காலத்துக்கு ஒழுங்காக நடந்துகொள்வதாகப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிப்பது. தண்டனையைக் கடுமையாக்கும் சூழ்நிலைகளும் குறைக்கும் சூழ்நிலைகளும் உண்மையில் மோதிக்கொள்வது இங்கேதான். பத்து மாதமா, வீடா என்ற தீர்மானம் அவற்றைச் சார்ந்தது.

இந்தியாவில் எந்தச் சூழ்நிலைக்கு எத்தனை மாதம் என்ற அட்டவணை கிடையாது. நடுவர் எடை போட்டுப் பார்க்கிறார். ஓட்டுநருக்கு எதிராக நிற்கக்கூடியவை: குடி, உரிமம் இல்லாமை, கைப்பேசியில் பேசிக்கொண்டு ஓட்டுதல், அளவுக்கு மீறிய பாரம், ஒன்றுக்கு மேற்பட்ட மரணம், அடிபட்டவரை விட்டு ஓடுதல். ஓடியதற்குப் பத்து ஆண்டு வரை தண்டனை சொல்லும் 106(2), 2024 ஜூலை 1 அன்று மற்ற பிரிவுகளோடு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதனால் ஓடியது தனிக் குற்றமாக வராவிட்டாலும், 106(1)இன் தண்டனையைத் தீர்மானிக்கும்போது பலமாகவே உட்காரும்.

ஆதரவாக நிற்கக்கூடியவற்றை வாயால் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும். ஓட்டுநர் நின்று உதவினார் என்பதற்கு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைப் பாருங்கள். அடிபட்டவரை யார் கொண்டுவந்தார் என்று அதில் எழுதியிருக்கும். ஓட்டுநரின் பெயர் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. 108க்கு அழைத்த நேரம் கைப்பேசிப் பதிவில் கிடைக்கும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை வண்டியின் பிரேக் நிலையைச் சொல்லும். வண்டியில் கோளாறு இருந்திருந்தால் பழி முழுவதும் ஓட்டுநர் மேல் இல்லை என்று வாதிட இடம் உண்டு. செல்லுபடியாகும் உரிமம், பல ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியதற்கு உரிமையாளரின் கடிதம், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, இழப்பீடு செலுத்திய ரசீது ஆகியவற்றையும் வரிசையாக வைத்து மனுவாகவே தாக்கல் செய்யுங்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோரும்படியும் கேளுங்கள். அவர் ஊரில் வந்து விசாரித்து எழுதுவதை நீதிமன்றம் மதிக்கும்.

இவ்வளவு இருந்தும் இந்தக் கதவு எளிதில் திறக்காது. தல்பீர் சிங் எதிர் ஹரியானா மாநிலம் என்ற வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வேகமாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்திய ஓட்டுநர்களுக்கு நன்னடத்தைச் சலுகையைச் சாதாரணமாகத் தரக்கூடாது என்றது. அதிலும் தொழில்முறை ஓட்டுநர் நாள் முழுவதும் வண்டியில் இருப்பவர் என்பதால் கணமும் அசிரத்தையாக இருக்கக்கூடாது என்பதை அழுத்திச் சொன்னது. நம் ஓட்டுநர் தொழில்முறை ஓட்டுநர்.

பணம் கொடுத்ததும் தனியாக நின்று காப்பாற்றாது. பஞ்சாப் மாநிலம் எதிர் சௌரப் பக்ஷி வழக்கில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். இழப்பீடு கொடுத்ததைக் கருதி உயர் நீதிமன்றம் தண்டனையை ஓட்டுநர் ஏற்கெனவே சிறையில் கழித்த 24 நாளாகக் குறைத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆறு மாதமாக உயர்த்தியது. ஆகவே "பணம் கொடுத்துவிட்டார்" என்பதையே வாதமாக வைக்காமல், விபத்து நடந்த விதத்தையும் அடுத்த ஒரு மணி நேரத்தில் ஓட்டுநர் நடந்துகொண்ட விதத்தையும் முன்னால் வைத்து, இழப்பீட்டை அதன் பின்னால் வைப்பதே சரி.

அப்படியென்றால் போடலாமா?

சௌரப் பக்ஷி வழக்கின் ஆறு மாதத்தையும் நம் கணக்கின் பத்து மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரம் எப்போதும் மலிவு என்று நினைப்பது தவறு. பழைய பிரிவில் உச்சவரம்பு இரண்டு ஆண்டு என்பதை ஒப்பிடும்போது மறக்கக்கூடாதுதான். ஆனாலும் முழு விசாரணையில் தோற்றாலும் முதல் வகுப்பு நடுவர் தன் அதிகாரத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் கொடுக்க முடியாது; உண்மையில் அதற்குப் பெரிதும் குறைவாகவும் கொடுக்கக்கூடும். அதோடு, தோற்றவர் அமர்வு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போய், தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். பேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

என் கருத்து இது. சாட்சியம் பலவீனமாக இருந்தால், அதாவது நேரில் பார்த்த சாட்சி இல்லாமல், சைக்கிள் திடீரென்று குறுக்கே வந்ததற்குத் தடயம் இருந்தால், விசாரணையைச் சந்திக்க வேண்டும். கண்காணிப்புக் கேமராப் பதிவு தெளிவாக இருந்து, உதவிய ஆவணங்கள் பலமாக இருந்து, இறந்தவரின் குடும்பம் மனமுவந்து உடன்பட்டு, நன்னடத்தைப் பிணைக்கு நியாயமான வாய்ப்பு இருந்தால் மனு போடலாம். நன்னடத்தைக்கு வாய்ப்பே இல்லை, கணக்கு மட்டுமே மிச்சம் என்றால், அந்தப் பத்து மாதச் சிறையை ஏற்கக் குடும்பம் தயாரா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். தண்டிக்கும் நீதிமன்றத்துக்கு ஓட்டுநர் உரிமத்துக்குத் தகுதியிழக்கச் செய்யும் அதிகாரமும் மோட்டார் வாகனச் சட்டத்தில் உண்டு. ஓட்டிப் பிழைப்பவருக்கு அது சிறையைவிடப் பெரிய கேள்வியாக இருக்கலாம். தண்டனை விசாரணையிலேயே அதைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள்.

தீர்ப்பு திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். அதற்கு எதிராக வழக்கமான மேல்முறையீடு இல்லை. அரசியல் சாசனத்தின் 136ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, 226, 227 பிரிவுகளின்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்ற இரண்டு மட்டுமே மிச்சம். ஒப்புதல் வற்புறுத்திப் பெறப்பட்டது, மூடிய அறை விசாரணையே நடக்கவில்லை என்பது போன்ற குறைகள் இருந்தால்தான் அங்கே பேச ஏதாவது இருக்கும். அதனால் தீர்ப்போடு மனு, பிரமாணப் பத்திரம், கூட்ட அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களையும் அன்றைக்கே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.